இருப்புக்குள் இருக்கும் இலாபம்: செயல்முறைகளுக்கு இடையிலான இலாபத்தையும் அதற்கான ஒதுக்கையும் கணக்கிடும் முறை

ஒரே ஆலைக்குள் நூற்புப் பிரிவும் நெசவுப் பிரிவும் இருக்கின்றன. நூற்புப் பிரிவு நூலை அடக்கவிலைக்கே நெசவுக்குக் கொடுக்கலாம். பல ஆலைகள் அப்படிச் செய்வதில்லை. அடக்கத்தின் மேல் ஓர் இலாபத்தைச் சேர்த்து, சந்தை விலையை ஒட்டி வரும் ஒரு மாற்றல் விலைக்குக் கொடுக்கின்றன. அப்போதுதான் நூற்புப் பிரிவு தன் காலில் நிற்கிறதா என்று தெரியும். வெளியில் நூல் வாங்கினால் மலிவாக இருக்குமா என்று நெசவுப் பிரிவும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாத முடிவில்தான் சிக்கல் வருகிறது. நெசவில் பாதி வேலையில் நிற்கும் பொருளிலும் கிடங்கில் விற்காமல் கிடக்கும் துணியிலும் நூற்புப் பிரிவு சேர்த்த இலாபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியாள் யாரும் இன்னும் எதையும் வாங்கவில்லை. ஒரு சட்டைப்பையில் இருந்ததை இன்னொரு பைக்கு மாற்றியதால் காசு கூடிவிடாது. கையிருப்பை அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 2. எனவே இருப்பில் இருக்கும் இலாபத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தொகைக்கு ஓர் ஒதுக்கு உருவாக்க வேண்டும். அதன் பெயர் ஈட்டப்படாத இலாபத்திற்கான ஒதுக்கு.

மூன்று நிரல்கள்

சாதாரணச் செயல்முறைக் கணக்கில் தொகைக்கு ஒரே நிரல் இருக்கும். இங்கே மூன்று தேவை: மொத்தம், அடக்கம், இலாபம். எந்த வரியை எழுதினாலும் மொத்தம் = அடக்கம் + இலாபம் என்று இருக்க வேண்டும். மூலப்பொருள், கூலி போன்று வெளியிலிருந்து வரும் செலவில் இலாபம் கிடையாது. அதனால் மொத்த நிரலிலும் அடக்க நிரலிலும் ஒரே தொகை விழும், இலாப நிரல் காலியாக இருக்கும். முந்தைய பிரிவிலிருந்து வரும் பொருளுக்கு மட்டும் மூன்று நிரல்களிலும் தொகை இருக்கும்.

மொத்த நிரல் மட்டும் போட்டுவிட்டுக் கடைசியில் இலாபத்தைத் தனியே பிரித்துக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. இரண்டு பிரிவுகள் இருக்கும்வரை எப்படியோ சமாளிக்கலாம். மூன்றாவது பிரிவு வந்துவிட்டால் எந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முதல் வரியிலிருந்தே மூன்று நிரலாக எழுதுங்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆலை ஏப்ரல் மாதம் தொடங்குகிறது, எனவே தொடக்க இருப்பு இல்லை. நூற்பு, நெசவு இரண்டுமே மாற்றல் விலையில் 20% இலாபம் வைக்கின்றன. இறுதி இருப்பு, அந்தந்தப் பிரிவுக்கு ஆன முதன்மை அடக்கத்தில் மதிப்பிடப்படுகிறது. கிடங்கிலுள்ள துணி மட்டும் மாற்றல் விலையில் மதிப்பிடப்படுகிறது.

நூற்பு: சதவீதம் எதன் மேல்?

பஞ்சு ரூ.4,40,000. கூலி ரூ.1,60,000. ஆக ரூ.6,00,000. மாத முடிவில் நூற்பில் நிற்கும் இருப்பு ரூ.40,000. அதைக் கழித்தால் ரூ.5,60,000 மீதி. இது நெசவுக்குப் போன நூலின் அடக்கம்.

அடுத்து இலாபம் சேர்க்க வேண்டும். "மாற்றல் விலையில் 20%" என்றால் 5,60,000-இல் 20% அல்ல. மாற்றல் விலை 100 என்றால் இலாபம் 20, அடக்கம் 80. அடக்கத்தின் மேல் பார்த்தால் அது 20/80, அதாவது 25%. எனவே இலாபம் ரூ.1,40,000, மாற்றல் விலை ரூ.7,00,000. அவசரத்தில் 5,60,000 × 20% என்று போட்டால் 1,12,000 வரும். அந்த ரூ.28,000 பிழை அடுத்தடுத்த எல்லாக் கணக்குகளுக்குள்ளும் போய்விடும். வினாவிலோ ஆலையின் விலைக் கொள்கையிலோ "மாற்றல் விலையில்" என்று இருக்கிறதா, "அடக்கத்தின் மேல்" என்று இருக்கிறதா என்பதை முதலில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாற்றல் விலையில் 25% என்றால் அடக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு; 10% என்றால் ஒன்பதில் ஒரு பங்கு.

வரிசையும் முக்கியம். முதலில் இறுதி இருப்பைக் கழிக்க வேண்டும், பிறகுதான் இலாபம் சேர்க்க வேண்டும். இருப்பு இன்னும் அடுத்த பிரிவுக்குப் போகவில்லை, அதனால் நூற்புக்கு அதில் எந்த இலாபமும் இல்லை. இந்தக் காரணத்தால்தான் செயல்முறைக் கணக்கில் இறுதி இருப்பை வரவுப் பக்கத்தில் எழுதாமல் பற்றுப் பக்கத்திலேயே கழித்துக் காட்டுகிறோம். அப்படிச் செய்தால் இலாபத்துக்கு அடிப்படையான தொகை கண்முன் நிற்கும்.

நூற்பின் இறுதி இருப்பான ரூ.40,000-இல் முந்தைய பிரிவின் இலாபமும் இல்லை, தன் இலாபமும் இல்லை. முழுவதும் அடக்கம்தான். முதல் பிரிவின் இருப்புக்கு ஒருபோதும் ஒதுக்கு தேவைப்படாது.

நெசவு: இருப்பிலுள்ள இலாபத்தைப் பிரித்தல்

நெசவுக்கு நூல் ரூ.7,00,000-க்கு வருகிறது. அதில் அடக்கம் 5,60,000, இலாபம் 1,40,000. கஞ்சிப் பொருள், சாயம் போன்றவை ரூ.60,000. கூலி ரூ.2,40,000. மாத முடிவில் நெசவில் நிற்கும் இருப்பு ரூ.1,00,000.

| விவரம் | மொத்தம் ரூ. | அடக்கம் ரூ. | இலாபம் ரூ. |
|---|---|---|---|
| நூற்பிலிருந்து வந்தது | 7,00,000 | 5,60,000 | 1,40,000 |
| கஞ்சி, சாயம் | 60,000 | 60,000 | – |
| கூலி | 2,40,000 | 2,40,000 | – |
| கூட்டல் | 10,00,000 | 8,60,000 | 1,40,000 |
| கழிக்க: இறுதி இருப்பு | 1,00,000 | 86,000 | 14,000 |
| மீதி | 9,00,000 | 7,74,000 | 1,26,000 |
| நெசவின் இலாபம் | 2,25,000 | – | 2,25,000 |
| கிடங்குக்கு மாற்றியது | 11,25,000 | 7,74,000 | 3,51,000 |

இருப்பு ரூ.1,00,000 என்பது கையில் கொடுக்கப்பட்ட தொகை. அதற்குள் இலாபம் எவ்வளவு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டல் வரியைப் பாருங்கள். மொத்தம் 10,00,000-இல் இலாபம் 1,40,000, அதாவது 14%. இருப்பிலும் இதே விகிதத்தில் நூலும் கஞ்சியும் கூலியும் கலந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். எனவே இருப்பிலுள்ள இலாபம் ரூ.14,000, அடக்கம் ரூ.86,000.

நூற்பு வைத்த இலாபம் 20%தானே, இருப்பிலும் 20% எடுத்தால் என்ன என்ற கேள்வி எழும். அப்படி எடுத்தால் ரூ.20,000 வரும், அது தவறு. இருப்பில் நூல் மட்டும் இல்லை. நெசவின் கூலியும் கஞ்சியும் அதில் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் யாரும் இலாபம் வைக்கவில்லை. 20% என்பது நூலுக்கு மட்டும் பொருந்தும் விகிதம். கூலி கலந்தபின் அது 14% ஆக நீர்த்துப்போகிறது.

விரிதாளில் செய்பவர்கள் மொத்தத்தை B, அடக்கத்தை C, இலாபத்தை D நிரலில் வைத்து, கூட்டல் 9-ஆம் வரியிலும் இருப்பு 10-ஆம் வரியிலும் வருமாறு அமைத்தால் இரண்டு சூத்திரங்கள் போதும். அடக்கத்தைத் தனியே விகிதம் போடாமல் கழித்து எடுப்பதால், முழு ரூபாயாக்கும்போது வரி முரண்படாது.

```
D10: =ROUND(D9/B9*B10,0)
C10: =B10-D10
```

இருப்பைக் கழித்தபின் மீதியான 9,00,000-க்கு நெசவு தன் இலாபத்தைச் சேர்க்கிறது. கவனியுங்கள், அடிப்படை மொத்த நிரலின் 9,00,000; அடக்க நிரலின் 7,74,000 அல்ல. நெசவுப் பிரிவைப் பொறுத்தவரை நூல் 7,00,000-க்குத்தான் வந்தது. அதற்குள் இருக்கும் நூற்பின் இலாபம் நெசவுக்குச் செலவு. மாற்றல் விலையில் 20% என்பதால் 9,00,000-இன் மேல் 25%, அதாவது ரூ.2,25,000.

துணிக் கிடங்கு: இலாபம் இரண்டு அடுக்கு

கிடங்குக்கு வந்த துணி ரூ.11,25,000. மாத முடிவில் விற்காமல் இருப்பது ரூ.1,50,000. விற்ற துணிக்கு வெளியாரிடமிருந்து கிடைத்தது ரூ.12,00,000.

| விவரம் | மொத்தம் ரூ. | அடக்கம் ரூ. | இலாபம் ரூ. |
|---|---|---|---|
| நெசவிலிருந்து வந்தது | 11,25,000 | 7,74,000 | 3,51,000 |
| கழிக்க: இறுதி இருப்பு | 1,50,000 | 1,03,200 | 46,800 |
| விற்ற துணி | 9,75,000 | 6,70,800 | 3,04,200 |
| கிடங்கின் இலாபம் | 2,25,000 | – | 2,25,000 |
| விற்பனை | 12,00,000 | 6,70,800 | 5,29,200 |

3,51,000-ஐ 11,25,000-ஆல் வகுத்தால் 31.2%. எனவே 1,50,000 இருப்பில் இலாபம் ரூ.46,800. நெசவின் விகிதம் 20%தான் என்று 30,000 மட்டும் எடுத்துவிடுவது இந்தப் பாடத்தில் அதிகம் பார்க்கும் பிழை. கிடங்கிலுள்ள ஒரு மீட்டர் துணியில் நெசவின் இலாபமும் இருக்கிறது, அதற்கு அடியில் நூற்பின் இலாபமும் இருக்கிறது. 30,000 மட்டும் எடுத்தால் அடியில் இருக்கும் ரூ.16,800 இருப்பிலேயே தங்கிவிடும். விகிதத்தை விலைக் கொள்கையிலிருந்து எடுக்காமல் எப்போதும் கணக்கின் வரியிலிருந்தே எடுத்தால் இந்தப் பிழை வராது.

விற்பனை வரியைக் கவனியுங்கள். கிடங்கின் இலாபம் எந்தச் சதவீதத்தாலும் வருவதில்லை. விற்பனை விலையிலிருந்து விற்ற துணியின் மாற்றல் விலையைக் கழித்தால் வருவது அது.

சரிபார்த்தல், பதிவு

மூன்று பிரிவுகளும் காட்டும் இலாபத்தைக் கூட்டுங்கள்: 1,40,000 + 2,25,000 + 2,25,000 = ரூ.5,90,000. இது தோற்ற இலாபம். இருப்பில் சிக்கியுள்ளது 14,000 + 46,800 = ரூ.60,800. கழித்தால் ரூ.5,29,200. கிடங்குக் கணக்கின் இலாப நிரலில் கடைசி வரியில் இருப்பதும் இதே தொகை.

இதோடு விடாமல், செயல்முறைக் கணக்குகளைத் தொடாமல் இன்னொரு வழியிலும் பாருங்கள். ஆலை வெளியில் செலவழித்தது 6,00,000 + 3,00,000 = 9,00,000. அடக்கத்தில் இருப்பு 40,000 + 86,000 + 1,03,200 = 2,29,200. விற்ற பொருளின் அடக்கம் 6,70,800. விற்பனை 12,00,000-இலிருந்து கழித்தால் 5,29,200. முதல் சரிபார்ப்பு கூட்டல் பிழையைப் பிடிக்கும். இரண்டாவது, ஏதாவது ஒரு செலவு தவறான நிரலில் விழுந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். கூலியை மறதியாக இலாப நிரலில் எழுதியிருந்தால் முதல் சரிபார்ப்பில் அது ஒளிந்துகொள்ள வாய்ப்பு உண்டு, இரண்டாவதில் முடியாது.

குறிப்பேட்டில் பதிவு இப்படி வரும்: இலாப நட்டக் கணக்கு பற்று ரூ.60,800, ஈட்டப்படாத இலாபத்திற்கான ஒதுக்குக் கணக்கு வரவு ரூ.60,800. இருப்புநிலைக் குறிப்பில் இருப்பு ரூ.2,90,000 என்று காட்டி, அதிலிருந்து ஒதுக்கு ரூ.60,800-ஐக் கழித்து ரூ.2,29,200 என்று எழுத வேண்டும். ஒதுக்கைப் பொறுப்புகள் பக்கத்தில் தனியாக எழுதினால் இருப்பின் மதிப்பு அடக்கத்தைவிட உயர்ந்தே நிற்கும். நோக்கமே கெட்டுவிடும்.

இரண்டாம் மாதம்: தொடக்க இருப்பு வந்தால்

மே மாதத்தில் ஏப்ரலின் இறுதி இருப்பு தொடக்க இருப்பாகிறது. அதையும் மூன்று நிரலில்தான் கொண்டுவர வேண்டும். நெசவுக்கு 1,00,000 / 86,000 / 14,000. கிடங்குக்கு 1,50,000 / 1,03,200 / 46,800. மொத்த நிரலின் 1,00,000-ஐ மட்டும் எடுத்துவந்து அடக்கத்திலும் அதையே எழுதிவிட்டால், ஏப்ரலில் நிறுத்திவைத்த 14,000 இலாபம் மே மாதத்தில் அடக்கமாக மாறிவிடும்.

மே மாதம் நெசவுக்கு நூற்பிலிருந்து வந்தது ரூ.7,50,000, அதில் அடக்கம் 6,00,000, இலாபம் 1,50,000. கஞ்சி, கூலி எல்லாம் சேர்த்து ரூ.2,50,000. இறுதி இருப்பு ரூ.1,20,000. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இலாப விகிதம் காணும்போது தொடக்க இருப்பைச் சேர்ப்பதா, விடுவதா?

முதலில் வந்தது முதலில் போகிறது என்ற முறையில், இறுதி இருப்பில் நிற்பது இந்த மாதப் பொருள். எனவே தொடக்க இருப்பை விட்டுவிட்டு, இந்த மாதம் சேர்ந்த 10,00,000-இல் 1,50,000 என்று எடுத்தால் 15%, இருப்பில் இலாபம் ரூ.18,000. சராசரி முறையில் தொடக்க இருப்பையும் சேர்த்து 11,00,000-இல் 1,64,000 என்று எடுத்தால் ரூ.17,891 வரும். வித்தியாசம் ரூ.109தான். ஆனால் மாற்றல் விலைக் கொள்கை மாறும் மாதத்தில் இது பெரிதாகும். ஆலை இருப்பை எந்த முறையில் மதிப்பிடுகிறதோ அதையே இதற்கும் பின்பற்றுங்கள். தேர்வு வினாவில் எந்த முறை என்று சொல்லப்படாவிட்டால், எடுத்துக்கொண்ட முறையை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

முதல் முறையில் தொடர்வோம். 11,00,000-இலிருந்து 1,20,000 கழிய மீதி 9,80,000. அதில் அடக்கம் 8,34,000, இலாபம் 1,46,000. நெசவின் இலாபம் 25% வீதம் 2,45,000. கிடங்குக்குப் போனது 12,25,000; அதற்குள் இலாபம் 3,91,000. மே முடிவில் கிடங்கு இருப்பு ரூ.98,000. இது இந்த மாதம் வந்த 12,25,000-இல் 8%. எனவே அதிலுள்ள இலாபமும் 3,91,000-இல் 8%, அதாவது ரூ.31,280.

மே முடிவில் தேவைப்படும் ஒதுக்கு 18,000 + 31,280 = ரூ.49,280. ஏற்கெனவே கணக்கில் இருப்பது ரூ.60,800. முழு 49,280-ஐயும் மறுபடி பற்று வைக்கக் கூடாது. வித்தியாசத்தை மட்டும் பதிய வேண்டும். இங்கே ஒதுக்கு ரூ.11,520 குறைகிறது. எனவே ஒதுக்குக் கணக்கு பற்று ரூ.11,520, இலாப நட்டக் கணக்கு வரவு ரூ.11,520. ஏப்ரலில் கிடங்கில் நின்ற துணி மே மாதத்தில் விற்றுப்போனது. அன்று நிறுத்திவைத்த இலாபம் இப்போது ஈட்டப்பட்டுவிட்டது.

மே விற்பனை ரூ.15,00,000 என்றால், விற்ற துணியின் மாற்றல் விலை 1,50,000 + 12,25,000 − 98,000 = 12,77,000; கிடங்கின் இலாபம் 2,23,000. மூன்று பிரிவுகளின் தோற்ற இலாபம் 1,50,000 + 2,45,000 + 2,23,000 = 6,18,000. ஒதுக்கில் குறைந்த 11,520-ஐக் கூட்டினால் ரூ.6,29,520. அடக்க நிரல் வழியாகவும் பார்க்கலாம்: விற்ற துணியின் அடக்கம் 1,03,200 + 8,34,000 − 66,720 = 8,70,480. அதை 15,00,000-இலிருந்து கழித்தாலும் 6,29,520 வரும்.

தோற்ற இலாபத்தைவிட உண்மை இலாபம் கூடுதலாக வந்ததும் பலர் கணக்கில் பிழை என்று பயந்து திரும்பப் போடுகிறார்கள். இருப்பு சுருங்கும் மாதத்தில் அப்படி வருவது இயல்பு. இருப்பு குறைந்தும் ஒதுக்கு கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது மாற்றல் விலை விகிதம் உயர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தொடக்க இருப்பின் இலாப நிரலைப் பாருங்கள்.

சராசரி விகிதம் பொய் சொல்லும் இடம்

இருப்பில் எல்லாச் செலவும் ஒரே விகிதத்தில் கலந்திருப்பதாக எடுத்துக்கொண்டோம். தேர்வுத் தாளில் இது போதும். ஆலைக்குள் போய்ப் பார்த்தால் நெசவின் இருப்பு இரண்டு விதமாக இருக்கும். ஒரு பக்கம் நூற்பிலிருந்து வந்த கூம்புகள் பெட்டி பிரிக்காமலே அடுக்கிக் கிடக்கும். மறுபக்கம் கஞ்சி போட்ட பாவு தறியில் ஏறிப் பாதி துணியாகியிருக்கும். பெட்டியில் இருக்கும் நூலில் நெசவின் கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதில் இலாபம் 14% அல்ல, முழு 20%.

ஏப்ரலின் ரூ.1,00,000 இருப்பில் ரூ.60,000 பெட்டி நூல், ரூ.40,000 தறியில் இருப்பது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி நூலிலுள்ள இலாபம் 12,000. தறிக்குப் போன நூல் 6,40,000. அதில் இலாபம் 1,28,000. கஞ்சி, சாயம், கூலியையும் சேர்த்தால் மொத்தம் 9,40,000. தறியிலுள்ள 40,000-க்கு இந்த விகிதப்படி இலாபம் ரூ.5,447. இரண்டும் சேர்ந்து ரூ.17,447. சராசரி விகிதம் சொன்னது 14,000. அதாவது ரூ.3,447 இலாபம் இருப்பில் மறைந்து நின்றிருக்கும். கிடங்குக்குப் போன துணியின் அடக்கமும் அதே அளவுக்குக் குறைவாகத் தெரியும்.

அதனால் மாத முடிவு இருப்புப் பட்டியலை நெசவுப் பிரிவிடம் கேட்கும்போது ஒரே தொகையாக வாங்காதீர்கள். பெட்டி பிரிக்காத நூல், பாவில் உள்ளது, தறியில் உள்ளது என்று மூன்று வரியாகக் கேளுங்கள். முதல் வரிக்கு மாற்றல் விலையின் விகிதத்தை அப்படியே போடுங்கள். மற்ற இரண்டுக்கும் தறிக்குப் போன செலவின் விகிதத்தைப் போடுங்கள். பாவுக்கு நெசவுக் கூலி முழுதாக ஏறியிருக்காது. ஆனால் பாவு இருப்பு சிறிதாக இருக்கும் ஆலைகளில் அதற்கென்று தனி விகிதம் போடுவது உழைப்புக்குத் தகுந்த பலன் தராது.